முல்லைப்பாட்டை 150 சொல்லில் சொல்லும்போது எதை வைப்பது, எதை விடுவது

*"வெள்ளவத்தையில் எங்கள் வாசிப்பு வட்டம் அடுத்த மாதம் முல்லைப்பாட்டை முழுதாக வாசிக்கப் போகிறது. வருகிறவர்களுக்குக் கொடுக்க 150 சொல்லுக்குள் பொருட்சுருக்கம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. எழுதியது இதுதான்: 'மழைக்கால மாலையில், போருக்குச் சென்ற தலைவனைப் பிரிந்த தலைவி ஆற்றாமையால் வருந்துகிறாள். முதுபெண்டிர் நற்சொல் கேட்டு வந்து தேற்றுகின்றனர். தலைவன் காட்டில் பாசறை அமைத்துத் தங்கியுள்ளான். பாசறையின் காட்சிகள் அழகுற வர்ணிக்கப்படுகின்றன. தலைவன் போரில் வென்று திரும்புகிறான். தலைவி மகிழ்கிறாள்.' பிழை ஒன்றும் தெரியவில்லை, ஆனால் பாட்டு இதில் இல்லை. உவமைகளைச் சேர்த்தால் நீண்டுகொண்டே போகிறது, எடுத்தால் சப்பென்று ஆகிறது. எதை வைப்பது, எதை விடுவது?"*

உங்கள் கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். "தலைவி மகிழ்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டில் அது இல்லை. 103 அடியில் ஓரிடத்திலும் அவள் மகிழ்ந்தாள் என்று பாட்டை எழுதிய நப்பூதனார் சொல்லவில்லை. எழுந்தாள், வாசலுக்கு வந்தாள் என்றுகூட இல்லை. அவள் படுத்துக் கிடக்கிறாள், காது நிறையக் குதிரைகள் கனைக்கின்றன, பாட்டு முடிந்துவிடுகிறது.

இந்த ஒரு பிழையைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று நினைக்கிறேன். பாட்டு ஓர் ஓசையில் நிறுத்தியதை நீங்கள் ஒரு மனநிலையின் பெயரால் முடித்துவிட்டீர்கள். உங்கள் சுருக்கம் முழுவதிலும் இதுவே நடந்திருக்கிறது. ஆற்றாமை, நற்சொல், காட்சிகள், மகிழ்ச்சி என்று பாட்டில் நடந்தவற்றுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறீர்கள். நடந்தது எதுவும் உள்ளே வரவில்லை. "அழகுற வர்ணிக்கப்படுகின்றன" என்ற தொடரை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது பாட்டைப் பற்றி எதுவும் சொல்லாமல் இரண்டு சொல்லுக்கான இடத்தைச் சாப்பிடுகிறது. பாடசாலையில் சுருக்கம் எழுதப் பழகிய நம் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அங்கே பந்தியை மூன்றில் ஒன்றாக்கு, உவமையை நீக்கு, கருத்தை எழுது என்று சொல்லித் தந்தார்கள். கட்டுரைக்கு அது சரி. கட்டுரையில் உவமை கருத்தை விளக்க வந்தது, எடுத்தாலும் கருத்து நிற்கும். முல்லைப்பாட்டில் கருத்தே படிமத்தின் வழியாகத்தான் நகர்கிறது.

அப்படியானால் எல்லாப் படிமமும் வேண்டுமா? முடியாது. உள்ளே ஐம்பதுக்கும் மேல் இருக்கும். பாட்டைத் தாங்கி நிற்பவை எவை என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நான் செய்வது ஒரு சின்ன வேலை. பென்சிலை எடுத்துக்கொண்டு, பாட்டில் திரும்பத் திரும்ப வருவது எது என்று பார்க்கிறேன். அதே சொல்லாக இருக்கலாம், அதே உடல் உறுப்பாக இருக்கலாம், அதே பொருள் வேறு நிலையில் வருவதாக இருக்கலாம். எத்தனை அழகான உவமையானாலும் ஒரே தடவை வந்து போனால் சுருக்கத்தில் அதற்கு இரண்டாவது இடம்தான். திரும்பி வருவது பாட்டின் நடுத்தண்டு.

முல்லைப்பாட்டில் அப்படிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது "காணாள்" என்ற சொல். 22ஆம் அடியில் "காட்டவும் காட்டவும் காணாள்" என்று வருகிறது. முதிய பெண்கள் நல்ல நிமித்தத்தை எடுத்து எடுத்துச் சொல்லியும் அவள் மனம் கொள்ளவில்லை என்பது அங்கே பொருள். ஆனால் ஆசிரியர் போட்ட சொல் "காணாள்". அப்புறம் பாசறை முழுவதும் கடந்துபோய், 80ஆம் அடியில் "இன்துயில் வதியுநற் காணாள்" என்று திரும்ப வருகிறது. அவன் இனிது உறங்குவதை இவள் காணவில்லை. ஆக, பாட்டு முழுவதும் அவளுக்குக் காட்சி மறுக்கப்படுகிறது.

அப்படியென்றால் அவளுக்கு என்ன கிடைக்கிறது? ஓசை. பாட்டின் தொடக்கத்தில் முதிய பெண்கள் ஊருக்கு வெளியே போய் நிற்பதே விரிச்சி கேட்க. நெல்லும் முல்லையும் தூவிக் கைதொழுது, தற்செயலாகக் காதில் விழும் சொல்லை நிமித்தமாகக் கொள்வது விரிச்சி. விழுந்த சொல் ஓர் இடைப்பெண்ணுடையது. கட்டிய கன்று தாயைக் காணாமல் தவிக்கிறது. குளிரில் நடுங்கும் தோளில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் அவள் அந்தக் கன்றிடம் "இன்னே வருகுவர் தாயர்" என்கிறாள். கோவலர் பின்னால் நின்று ஓட்டிவர, இதோ வந்துவிடுவார்கள் உன் தாய்மார். முதியவர்கள் இதைத் தலைவியிடம் வந்து சொல்லும்போது "நன்மொழி கேட்டனம்" என்கிறார்கள். பாட்டின் கடைசிப் பகுதியில் தலைவி ஏழுநிலை மாடத்தில் கிடக்கிறாள். கூரையின் வளைந்த விளிம்பிலிருந்து மழைநீர் அருவியாக விழுகிறது, அந்த "இன்பல் இமிழிசை"யைக் கேட்டுக் கிடக்கிறாள். அடுத்த அடியிலேயே "அஞ்செவி நிறைய ஆலின". மழையோசை கேட்ட அதே செவி நிறைய இன்னோர் ஓசை.

இங்கே நப்பூதனார் செய்திருப்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். "ஆலின" என்பது வினைமுற்று, ஆரவாரித்தன என்று பொருள். எவை ஆரவாரித்தன? 89ஆம் அடியில் வினை வந்துவிட்டது, எழுவாய் வரவில்லை. அதற்குப் பிறகு 14 அடி தாண்ட வேண்டும். வெற்றிக்கொடி, கொம்பு, சங்கு, பூத்த காடு, வரகு, துள்ளும் மான்கள், பின்னால் ஒழியும் வள்ளிக்காடு எல்லாவற்றையும் கடந்து, 103ஆம் அடியில், பாட்டின் கடைசிச் சொல்லாக, "மாவே" என்று வருகிறது. குதிரைகள். வாசிப்பவருக்கும் முதலில் ஓசைதான் கிடைக்கிறது, எதன் ஓசை என்பது கடைசியில்தான் தெரிகிறது. தலைவி இருக்கும் அதே நிலையில் நம்மையும் படுக்க வைத்துவிடுகிறார். இத்தனை தூரம் போய்த் தொங்கும் ஒரு வாக்கியத்தை "தலைவன் திரும்புகிறான்" என்று எழுதினால் செய்தி வரும், பாட்டு வராது.

பல வருடங்களுக்கு முன் உயர்தர வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தியபோது, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக வீடு இருந்த ஒரு பிள்ளை எழுந்து சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "சேர், மழை நேரம் எங்கட வீட்டில பீலியால தண்ணி விழுற சத்தம் மட்டும்தான் கேக்கும். அதுக்குள்ளால ரயில் வாற சத்தம் வரும். ரயிலைக் காணேலாது, ஆனா அப்பா வாறார் எண்டு தெரியும்." பாட்டின் நடுத்தண்டை அந்தப் பிள்ளை பிடித்துவிட்டாள். ஒக்டோபர் மாலை மழையில் அந்த ஒழுங்கைகளில் இருந்தவர்களுக்கு அவள் சொன்னது உடனே விளங்கும்.

ஆக, நடுத்தண்டு கிடைத்துவிட்டது: அவள் காணாள், கேட்கிறாள். இனி எந்தப் படிமத்தை எடுத்தாலும் இந்தத் தண்டோடு ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கன்று ஒட்டுகிறதா? ஒட்டுகிறது. கன்றுக்கும் தாயைக் காண முடியவில்லை, வந்துவிடுவார்கள் என்ற சொல்லைத்தான் கேட்கிறது. கன்றின் இடத்தில் தலைவி, மேய்ச்சலிலிருந்து திரும்பும் தாய்மாரின் இடத்தில் படையோடு திரும்பும் தலைவன். இதை நப்பூதனார் விளக்கிச் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். "இக்கன்று தலைவியைக் குறிக்கிறது" என்று சுருக்கத்தில் எழுதினால் கன்று மறைந்துபோய்க் குறியீடு மட்டும் மிஞ்சும். கன்றைக் கட்டிய கயிற்றோடு அப்படியே வைத்துவிடுங்கள், வாசிப்பவர் பார்த்துக்கொள்வார்.

இப்போது பாசறை. இதுதான் எல்லோரையும் குழப்பும் இடம். 24ஆம் அடியிலிருந்து 80 வரை, பாட்டில் பாதிக்கு மேல் பாசறைதான். அடிக்கணக்குப்படி இடம் ஒதுக்கினால் 150 சொல்லில் 80 சொல் பாசறைக்குப் போய்விடும். உள்ளே இருப்பவையும் விடமுடியாதவையாகத் தோன்றும். கரும்பும் நெற்கதிரும் கொடுத்தும் உண்ணாத யானையை வடமொழிச் சொற்களால் பழக்கும் பாகர், முக்கோலில் துறவி துணியைத் தொங்கவிட்டதுபோல வில்லில் தொங்கும் அம்புத் தூணிகள், இடுப்பில் வாளோடு விளக்கு ஏற்றும் பெண்கள், காற்றில் ஆடும் பூங்கொடிபோலத் தூக்கத்தில் அசையும் முதிய காவலர், பொழுது சொல்லும் நாழிகைக் கன்னல், வலிய உடல் கொண்ட யவனர், பேசாமல் உடலசைவால் சொல்லும் மிலேச்சர். வரலாற்றில் ஆர்வம் உள்ள எவருக்கும் யவனரை விட மனம் வராது. எனக்கும் வரவில்லை. ஆனாலும் விட்டேன். அவர்கள் ஒரு தடவை வந்து போகிறார்கள். வாசிப்புக்கு முன் இரண்டு நிமிடம் பேசக் கிடைத்தால் அவர்களைப் பற்றி அங்கே சொல்லுங்கள்.

பாட்டுக்குள் பாசறை என்ன வேலை செய்கிறது? தண்டோடு சேர்த்துப் பார்த்தால் ஒரே பதில்தான் வருகிறது. அவள் காணாதது முழுவதும் அது. அவளுக்கு மறுக்கப்பட்ட காட்சியை நமக்கு மட்டும் 50க்கும் மேற்பட்ட அடியில் திறந்து காட்டுகிறார். ஆகவே சுருக்கத்தில் "அவள் காணாத தொலைவில்" என்று தொடங்கி, பாசறைக்குள்ளிருந்து இரண்டே இரண்டு காட்சியை எடுத்தால் போதும். எந்த இரண்டு? திரும்பி வருகிறவை. தலைவனான அரசன் உறக்கமில்லாமல் நினைக்கிறானே, அங்கே ஒரு வரி: அம்பு தைத்த வலியில் "செவி சாய்த்து உண்ணாது உயங்கும் மா". குதிரை, அதுவும் செவி சாய்ந்த குதிரை. பாட்டின் முடிவில் வருகிறதும் குதிரை, நிறைகிறதும் செவி. வாடி நின்ற குதிரையை நடுவில் காட்டியவர், கனைக்கும் குதிரையில் பாட்டை முடிக்கிறார். சுருக்கத்தில் நடுவில் இந்தக் குதிரையை விட்டுவிட்டால் கடைசியில் வரும் கனைப்பின் பாதி வலு போய்விடும். இன்னொன்று, அறுபட்ட தும்பிக்கை. அது ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

தொல்காப்பியம் உவமையை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறது. செயலால் ஒப்பு, பயனால் ஒப்பு, வடிவால் ஒப்பு, நிறத்தால் ஒப்பு. உரைநடைச் சுருக்கத்துக்கு இது நேரடியாகப் பயன்படும். என் அனுபவத்தில் வினை உவமை உரைநடைக்குள் அப்படியே உயிரோடு வந்து சேர்கிறது. மெய்யும் உருவும் வழியில் வாடிவிடுகின்றன, ஏனென்றால் அவற்றை நிறுத்த அடைமொழிகள் வேண்டும், அடைமொழிகள் சேரச் சேர வாக்கியம் பாரமாகும். "பாம்பு பதைப்பன்ன பரூஉக்கை துமிய" என்பது வினை உவமை. வாள்பட்டு விழுந்த தும்பிக்கை பாம்பு துடிப்பதுபோலத் துடிக்கிறது. எழுதும்போது "பாம்பைப் போன்ற தும்பிக்கை" என்று எழுதிவிட்டால் அது வடிவ உவமையாக மாறிவிடும். துடிப்பு போய்விடும், நீளமான ஒன்று மட்டும் மிஞ்சும். "பாம்பாகத் துடித்தது" என்று வினையைப் பிடித்துக்கொண்டால் மூன்று அடியின் வேலையை இரண்டு சொல் செய்யும். முக்கோலும் தூணியும் வடிவ உவமை. மிக நுட்பமானதுதான், ஆனால் அதை விளக்காமல் இன்று ஒருவருக்கும் காட்ட முடியாது. சுருக்கத்துக்குள் விளக்கம் தேவைப்படும் படிமத்தை நான் எடுப்பதில்லை.

அதே காரணத்துக்காகத்தான் தொடக்கத்தில் வரும் திருமாலையும் விடச் சொல்வேன். கையில் நீர் வார்த்ததும் நிமிர்ந்த திருமாலைப்போல, கடலைப் பருகி எழுந்த முகில் என்பது பெரிய படிமம். மாவலி கதை தெரிந்தவருக்குத்தான் "நீர்செல நிமிர்ந்த" என்பதன் எழுச்சி முழுதாக விளங்கும். கதையைச் சொல்லப் போனால் 20 சொல் போய்விடும். ஆனால் அந்த உவமைக்குள் ஒரு வினை இருக்கிறது: "பருகி". கடலைக் குடித்து எழுந்த முகில். அந்த வினையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திருமாலை விட்டாலும் எழுச்சியில் கொஞ்சம் கையோடு வந்துவிடும்.

கண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "பூப்போல் உண்கண் புலம்பு முத்து உறைப்ப" என்கிறது பாட்டு. பூவுக்குத்தான் "போல்" போட்டிருக்கிறார். முத்துக்குப் போடவில்லை, முத்தே உதிர்கிறது. உரைநடையில் "முத்துப் போன்ற கண்ணீர்" என்று எழுதுவது பாட்டு எடுத்த தூரத்திலிருந்து ஒரு படி பின்வாங்குவது. ஆசிரியர் "போல" என்று சொன்ன இடத்தில் சொல்லுங்கள். சொல்லாத இடத்தில் நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

கடைசிப் பகுதிப் பூக்களிலும் இப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். காயா மையாக மலர்கிறது, கொன்றை பொன்னைச் சொரிகிறது, கோடல் உள்ளங்கையாக விரிகிறது, தோன்றி குருதியாகப் பூக்கிறது. மை, பொன், அங்கை மூன்றும் காத்திருக்கும் பெண்ணின் பக்கம். குருதி அவன் வரும் போர்க்களத்தின் பக்கம். நான்கையும் வைக்க இடமிருந்தால் வைக்கலாம். இல்லையென்றால் தோன்றியை வைப்பேன். திரும்பி வரும் மகிழ்ச்சியான வழியில்கூடக் குருதி கிடக்கிறது என்பது அந்த ஒரு பூவால்தான் தெரிகிறது. அறுபட்ட தும்பிக்கையை நடுவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அங்கே சிந்திய குருதி இங்கே பூவாக வருகிறது.

வரிசையைப் பற்றி ஒரு சொல். காலவரிசைப்படி, தலைவன் போனான், போரிட்டான், வென்றான், வந்தான் என்று அடுக்கினால் எளிதாக இருக்குமே என்று தோன்றும். பழைய உரையாசிரியர்களுக்கே அந்த ஆசை இருந்திருக்கிறது. நச்சினார்க்கினியர் இந்தப் பாட்டின் அடிகளை முன்னும் பின்னுமாக எடுத்துக் கூட்டித்தான் உரை எழுதினார். 1903இல் மறைமலையடிகள் தம் ஆராய்ச்சியுரையில் அதை மறுத்து, பாட்டு ஓடும் வரிசையிலேயே பொருள் கொண்டார். சுருக்கம் எழுதுகிறவர் மறைமலையடிகள் பக்கம் நிற்பதுதான் நல்லது. மாலை, ஊர்ப்புறம், மாடம், பிறகு காடு, திரும்ப மாடம், கடைசியில் வழியும் குதிரையும். இந்தப் போய்வரும் அசைவு கலைந்தால் "காணாள்" இரண்டு தடவை வந்ததற்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

அரசனின் உறக்கத்தில் மட்டும் கவனமாக இருங்கள். முதலில் அவன் போர்வேட்கையில், அடிபட்ட யானையையும் குதிரையையும் இறந்துபட்ட வீரரையும் நினைத்து, ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, ஒரு கையில் தலையைத் தாங்கி, உறங்காமல் இருக்கிறான். பிறகு பகைவர் நடுங்கும் பாசறையில் இனிது உறங்குகிறான். உறங்காத இரவும் வென்றபின் வந்த உறக்கமும் வெவ்வேறு. நான் பார்த்த சில சுருக்கங்களில் இரண்டையும் ஒன்றாக்கி "உறங்காமல் தலைவியை நினைத்தான்" என்று எழுதியிருந்தார்கள். பாட்டில் அவன் தலைவியை நினைப்பதாக ஓர் அடியும் இல்லை. நம் மனம் எதிர்பார்ப்பதைச் சுருக்கம் தானாகச் சேர்த்துவிடும் இடம் இது. உங்கள் "மகிழ்கிறாள்" போலத்தான்.

சரி, எழுதிப் பார்ப்போம். முதல் வரைவில் எனக்கு 210 சொல் வந்தது. யவனர் இருந்தார்கள், நான்கு பூவும் இருந்தன, அம்புபட்ட மயில்போல அவள் நடுங்குவதும் இருந்தது. மயிலை எடுக்க மனமே இல்லை. வினை உவமை, அழகானது, பதுங்கிப்போன அம்பு ஒன்று அதற்குள் இருக்கிறது. ஆனால் அதையும் வைத்தபோது அவள் கேட்டுக் கிடக்கும் அமைதி கலைந்தது. நடுக்கம், பெருமூச்சு, வளை திருத்தல் என்று அடுக்கினால் உங்கள் "ஆற்றாமை"க்கே வேறு வழியாகப் போய்ச் சேர்கிறோம். எடுத்துவிட்டேன். மிஞ்சியது இது:

> கடலைக் குடித்து எழுந்த முகில் கொட்டித் தீர்த்த மாலை. ஊருக்கு வெளியே முதிய பெண்கள் நெல்லும் முல்லையும் தூவி, காதில் விழப்போகும் சொல்லுக்காக நிற்கிறார்கள். கயிற்றில் கட்டிய கன்று தவிக்கிறது. குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் இடைப்பெண் அதனிடம், "இப்போதே வந்துவிடுவார்கள் உன் தாய்மார்" என்கிறாள். கேட்ட சொல்லை மாடத்தில் இருக்கும் தலைவியிடம் கொண்டுபோகிறார்கள். அவள் கண்ணிலிருந்து முத்துதான் உதிர்கிறது.
>
> அவள் காணாத தொலைவில், காட்டுக்குள் கடலாகப் பரந்த பாசறை. அறுபட்டுப் பாம்பாகத் துடித்த தும்பிக்கையையும், அம்பு தைத்துச் செவி சாய்த்து உண்ணாமல் நின்ற குதிரையையும் நினைத்து உறங்காதிருந்த அரசன், வென்றபின் இனிது உறங்குகிறான். அவள் அதையும் காணவில்லை. கூரை விளிம்பிலிருந்து அருவியாக விழும் மழையைக் கேட்டுக் கிடக்கிறாள்.
>
> அந்தச் செவி நிறைய வேறோர் ஆரவாரம். கொம்பும் சங்கும் முழங்க, தோன்றி குருதியாகப் பூத்த செம்மண் வழியில், காடு பின்னால் ஒழிய விரைந்து வரும் நெடுந்தேரில் பூட்டிய குதிரைகள்.

கடைசி வாக்கியத்தில் வினைமுற்று இல்லை, பார்த்தீர்களா. பாட்டைப் போலவே "குதிரைகள்" என்பது கடைசிச் சொல்லாக வரவேண்டும் என்பதற்காக அப்படி விட்டேன். "ஆரவாரம்" முதலில் வந்துவிடுகிறது, எதன் ஆரவாரம் என்பது கடைசியில்தான் தெரிகிறது. "காணாள்" இரண்டு தடவை வருவதும் வைத்திருக்கிறேன். பாசறை பாட்டில் பாதி, இங்கே மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அது குறையாக எனக்குத் தெரியவில்லை. துயரம், வீரம், காதல், மகிழ்ச்சி என்ற சொல் ஒன்றுமே இல்லை என்பதையும் கவனியுங்கள். அவற்றைத் தேடிப் போடாமல் இருந்ததால்தான் கன்றுக்கும் குதிரைக்கும் இடம் கிடைத்தது.

இதில் வராமல் போனதும் உண்டு. பாட்டின் ஓசை வராது, அது எந்தச் சுருக்கத்திலும் வராது. உங்கள் வட்டம் பாட்டையே வாசிக்கப் போவதால் அது பெரிய இழப்பில்லை. இந்த முறை எல்லா நெடும்பாட்டுக்கும் பொருந்தும் என்றும் எண்ண வேண்டாம். மதுரைக்காஞ்சி 782 அடி. அதில் இப்படி ஒரே தண்டு கிடைக்காது. அங்கே பொழுது நகர்வதைப் பிடித்துக்கொண்டு, பகலிலிருந்து யாமங்கள் வழியாக விடியல்வரை நகரத்தில் நடந்து போவதுதான் ஒரு வழி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். முல்லைப்பாட்டை வாசிக்காத ஒருவரிடம், வீட்டில் யாராவது போதும், சுருக்கத்தை ஒரு தடவை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். பேப்பரை அவர் கையில் கொடுக்க வேண்டாம். அடுத்த நாள் "அந்தப் பாட்டில் என்ன இருந்தது?" என்று கேளுங்கள். "யாரோ ஒரு பெண் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்" என்று சொன்னால் இன்னும் மனநிலையின் பெயர்கள் எங்கோ ஒளிந்திருக்கின்றன, தேடி எடுங்கள். "ஒரு கன்று கட்டியிருந்தது", "கூரைத் தண்ணீர்ச் சத்தம்", "குதிரை" என்று ஏதாவது ஒன்று வந்தால் சரி. ஏதாவது ஒரு படிமம் ஒருவருக்கும் நினைவில் நிற்கவில்லையென்றால் அதற்குப் பக்கத்தில் வேறொரு படிமம் நெருக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் ஒன்றை எடுக்க வேண்டும், மெருகேற்றக் கூடாது.

கேட்டவர் "குதிரை வந்தபிறகு அவள் என்ன செய்தாள்?" என்று உங்களிடம் திருப்பிக் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். அடுத்த மாதம் வாசிப்புக்கு வரச் சொல்லுங்கள்.